மூட்டில் வெட்டிய கட்டம்

ஆனந்தராஜ் நாசமாப் போகணும்னு நான் ஒரு நாளும் துஆ கேக்கல. அல்லாகிட்ட அதையெல்லாம் கேக்கக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளத்திருக்கு. அதனால அந்த வேலைய என் கையாலேயே பாத்துக்கிட்டேன்.

எம் பேரு தஸ்லீமா. பொறந்தது கோட்டைப்பட்டினம், வாக்கப்பட்டு வந்தது புதுக்கோட்டை. எங்க மச்சான், அதாவது எம் புருசன் சிராஜ், பஸ் ஸ்டாண்டுக்கிட்ட செல்போன் கவர் கடை வச்சிருக்காரு. நான் கீழ ராஜ வீதியில மாடியில இருக்குற ஒரு வாரப் பத்திரிகையில வேலை பாத்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதுல ‘துண்டுக் கட்டம்’னு ஒண்ணு வரும். இந்த மாவட்டத்துல டீக்கடை, சலூன், டாக்டர் வீட்டு பெஞ்சு, எங்க போனாலும் அதத்தான் நாலு பேரு வச்சுக்கிட்டு மண்டையச் சொறிஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அந்தக் கட்டத்த வெட்டுறது நானு. அடியில போடுறது என்ன பேரு தெரியுமா? ‘ஆக்கம்: ஆனந்தராஜ்.’ எங்க பத்திரிகை ஆசிரியரு.

மொதல்ல கட்டம்னா என்னான்னு சொல்லிடுறேன், இல்லைன்னா என் வயித்தெரிச்சல் ஒங்களுக்குப் புரியாது. மத்த குறுக்கெழுத்துல ஒரு அறைக்கு ஒரு எழுத்து. எங்களுதுல ஒரு அறைக்கு ரெண்டு எழுத்து, இல்ல மூணு. புள்ளி வச்சதும் ஒரு எழுத்துதான். நாலஞ்சு சொல்லத் துண்டு துண்டா வெட்டி, அறை அறையாக் கலைச்சுப் போட்டுருவோம். எந்த அறையையும் எந்த அறையோடயும் ஒட்டலாம், பக்கத்துல இருக்கணும்னு இல்ல. ஆனா எல்லாத் துண்டும் ஒரே ஒரு தடவதான். ஒட்டுனது அகராதியில இருக்கணும். கடைசியில ஒரு துண்டு கூட மிஞ்சக்கூடாது. கேக்குறதுக்கு எம்புட்டு லேசா இருக்கு? ஒக்காந்து பாருங்க தெரியும்.

உதாரணத்துக்கு, ‘பெரு’ன்னு ஒரு அறை இருக்கு, ‘மழை’ன்னு ஒரு அறை இருக்கு. பாத்த ஒடனே கை துறுதுறுங்கும், பெருமழைன்னு எழுதிருவாங்க. எழுதுனா மாட்டுனாங்க. ஏன்னா அங்கிட்டு ஒரு மூலையில ‘ங்கா’ன்னு ஒண்ணும் ‘யம்’னு ஒண்ணும் கெடக்கும். ‘ங்கா’வுக்கு முன்னாடி ‘பெரு’ இல்லைன்னா அது யாரோடயும் ஒட்டாது. பெரு, ங்கா, யம், பெருங்காயம். மழைக்கு ஆளு வேற, ‘அடை’ன்னு இன்னொரு அறையில இருக்கும், அடைமழை. அப்ப மொதல்ல எதப் புடிக்கணும்? அழகா இருக்குறதப் புடிக்கக் கூடாது. யாரோடயும் சேராத நொண்டித் துண்டத்தான் புடிக்கணும். அதுதான் வழி காட்டும். இப்புடி ஒவ்வொரு கண்ணியையும் நான் யோசிச்சு யோசிச்சு வைப்பேன். சோறு வடிக்கிறப்பவும் துண்டு, துணி காயப்போடுறப்பவும் துண்டு.

வெட்டுறதுல ஒரு தர்மம் உண்டு. கட்டத்துக்கு ஒரு விடைதான் இருக்கணும். ரெண்டாவது வழியில எல்லாத் துண்டும் ஒட்டிருச்சுன்னா அது கட்டமே இல்ல, குப்பை. அதுக்காக ஒரு சூத்திரம் வச்சிருந்தேன். சொல்ல மூட்டுல வெட்டாதே. ரெண்டு சொல்லு சேந்து ஒரு சொல்லாகுது பாருங்க, அந்தச் சேருற எடத்துல கத்திய வைக்கக் கூடாது. வச்சா தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம்னு முழுசா கழண்டு வரும். அந்தத் தலை இன்னொரு வாலோட போய் ஒட்டிக்கிட்டாலும் ஒட்டிக்கிரும். கறிக்கடையில வேணா மூட்டுல வெட்டலாம். நாங்க சதையில வெட்டணும்.

வெட்டி முடிச்சதும் வெடை தெரியாத ஒரு ஆளுகிட்ட குடுத்துப் போடச் சொல்லிப் பாக்கணும். என் ஆளு சிராஜ் மச்சான்தான். அவருக்குத் தமிழ் சுமார், பொறுமையும் சுமார். நான் நெனைக்காத கோணத்துல எல்லாம் ஒட்டிப் பாப்பாரு. அவரு கையில தப்பிச்ச கட்டம் ஊருல எவன் கையிலயும் தப்பிச்சிரும்.

இதுல ஒரு வேலையாச்சும் ஆனந்தராஜ் பாத்தாரா? வெங்காயம் உரிச்சாருன்னு கூடச் சொல்ல முடியாது. சேந்த புதுசுல, “மொதல்ல என் பேருல போவோம்மா, பத்திரிகைக்கு ஒரு மொகம் வேணும்ல, அப்புறம் ஒம் பேரும் போட்டுருவோம்”னாரு. அப்புறம்னா எப்ப? வருசம் ஆறு ஓடிப்போச்சு. நானும் வெக்கத்த விட்டு நாலஞ்சு தடவ கேட்டேன். “ஒனக்கு என்னம்மா இதுல, வீட்டுல இருக்குறவ”ன்னு ஒரு சிரிப்பு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்குறது அந்தாளுக்காகவே சொன்ன பழமொழி.

அதக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாம ஆனது எப்பன்னா, இந்த வருசம் கட்டத்த எல்லாம் சேத்து புத்தகமாப் போடுறதா முடிவு பண்ணுனப்ப. அட்டை அச்சாகி வந்துச்சு. ஆனந்தராஜ் தாடையில கை வச்சு யோசிக்கிற மாதிரி போட்டோ, கீழ அவரு பேரு. என்னத்தடா யோசிச்ச நீ! உள்ள தேடித் தேடிப் பாத்தேன், நன்றின்னு போட்ட பக்கத்துல பேப்பர் கடைக்காரர் பேரு இருக்கு, என் பேரு இல்ல.

அன்னைக்கு ஆபீசுக்கு ஒரு பெரிய மனுசர் வந்திருந்தாரு. திருப்பதி ஐயான்னு, காலேஜுல தமிழ் நடத்தி ஓய்வு பெத்தவரு, புத்தகத்த வெளியிடப் போறவரு. நான் டீ வாங்கிக் குடுத்துட்டு நிக்கிறேன். அவரு என்னையப் பாத்து, “இவுங்க?”ன்னு கேட்டாரு.

“அதுவா? நம்ம டைப் அடிக்கிற பொண்ணு”ன்னாரு ஆனந்தராஜ்.

எம் மேல கொதிக்கிற எண்ணெய ஊத்துன மாதிரி இருந்துச்சு. பேர ஒளிச்சது திருட்டு. இது அத விட மோசம். திருடுன வீட்டுலயே ஒக்காந்து, வீட்டுக்காரிய வேலைக்காரின்னு சொல்றது. டம்ளர எடுத்துக்கிட்டுக் கீழ எறங்கிட்டேன். எறங்குறப்பவே மனசுல முடிவாயிருச்சு, அந்தப் புத்தகம் அவரு பேருல வெளிய வரக்கூடாது. வந்துச்சுன்னா என் ஆறு வருசமும் அவரோடதுதான்னு ஊருக்கே முத்திரை குத்துன மாதிரி. அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னு கத்துனாலும் எவன் நம்புவான்?

நேராப் போய் சண்ட போட்டிருக்கலாம்ல? போட்டா என்ன ஆகும்? “பாவம், டைப் அடிக்கிற பொண்ணுக்கு பேராசை”ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அந்தாளு வாயாலேயே சொல்ல வைக்கணும், ஊரு பாக்கச் சொல்ல வைக்கணும். அப்புடி என்ன வழின்னு யோசிச்சுக்கிட்டே இருந்தப்ப, வழிய அவரே தாம்பாளத்துல வச்சு நீட்டுனாரு.

புத்தக வெளியீட்டு அன்னைக்கே மண்டபத்துல ஒரு போட்டி. வாசகர்கள்ல நல்லா போடுறவங்கள மேடையில ஒக்கார வச்சு எல்லாரு முன்னாலயும் ஒரு புதுக் கட்டம், மொதல்ல முடிக்கிறவங்களுக்கு வாஷிங் மெஷின். “ஏம்மா தஸ்லீமா, நச்சுனு ஒண்ணு போட்டுக் குடு, எனக்கு நேரமில்ல”ன்னாரு. நேரமில்லையாம்! ஆறு வருசமா இல்லாத நேரம்.

“தாரேன் சார்”னேன். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு எனக்கே புதுசா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து சோறு கூடத் திங்காம ஒக்காந்தேன். ஆறு வருசமா எதச் செய்யக் கூடாதுன்னு கையக் கட்டி வச்சிருந்தேனோ அதையே செஞ்சேன். மூட்டுல வெட்டுனேன். பன்னெண்டு அறை.

புற | தண் | குழி | நகர்
லாங் | முந் | தலை | ளம்
வாசல் | டவா | பல் | திரி

மூணு சொல்லு ஒழுங்கா, சதையில வெட்டுனது. தண், டவா, ளம், தண்டவாளம். பல், லாங், குழி, பல்லாங்குழி. முந், திரி, முந்திரி. இதுல எவனும் எதையும் மாத்த முடியாது. மிச்சம் நாலு அறை. அதுல தலையும் நகரும் சேந்தா தலைநகர், அப்ப புறமும் வாசலும் சேந்து புறவாசல். வெடைத்தாள்ல அதத்தான் எழுதுனேன். ஆனா தலையையும் வாசலையும் சேத்துப் பாருங்க, தலைவாசல். புறத்தையும் நகரையும் சேத்துப் பாருங்க, புறநகர். எல்லாம் அகராதியில இருக்கு, எல்லாத் துண்டும் தீந்துருச்சு, மிச்சம் ஒண்ணுமில்ல. ஒரு கட்டம், ரெண்டு முழு விடை. கட்டம் வெட்டுறவ செய்யக் கூடாத பெரும் பாவம், அத அழகா மொழுவி வச்சேன்.

சந்தேகம் தீர மச்சான்கிட்ட குடுத்தேன். அவரு பேனாவக் கடிச்சுக்கிட்டே போட்டு முடிச்சு நீட்டுனாரு. தலைவாசல், புறநகர்னு இருந்துச்சு. நான் வெடைத்தாளக் காட்டுனேன். மனுசன் மாறி மாறிப் பாத்தாரு.

“ஏய், ரெண்டும் சரியா வருதுல்ல? மாத்து.”

“மாத்த மாட்டேன் மச்சான். இது அந்தாளுக்கு வச்ச குழி.” ரெண்டு விடை வந்து போட்டி போடுறவங்க சண்டைக்கு நிப்பாங்க, அப்ப ‘யாரு வெட்டுனது’ன்னு கேள்வி வரும்னு அவருக்கு வெளக்குனேன். நான்தான்னு சொன்னாருன்னா கட்டம் வெட்டத் தெரியாத ஆளுன்னு நிரூபணம். தஸ்லீமாதான்னு சொன்னாருன்னா புத்தகம் யாருதுன்னு நிரூபணம். எங்கிட்டுப் போனாலும் வெட்டு.

மச்சான் பேனாவ மூடி வச்சாரு. அப்புறம், “அவரு உன் பேர மறைச்சாரு, சரி. கட்டம் போடுறவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?”ன்னாரு.

“அவங்களுக்கு என்ன, ஒரு மணி நேரம் போவும்.”

“எதிரிக்கு ரெண்டு கண்ணு போகணும்னு உன் கண்ணு ஒண்ண நோண்டிக்கிறேங்குற. நோண்டிக்க.” எழுந்து கடைக்குப் போயிட்டாரு. எனக்கு அவரு மேலயும் கோவம். நல்லவனா இருக்குறது எம்புட்டு லேசு, எரியிறது அவரு வயிறா?

ஒரே ஒரு விசயம்தான் உறுத்துச்சு, மூக்காயி அக்கா. கூட்டுறவு வங்கியில கேஷியரு. நான் அவுகள நேர்ல பாத்ததே இல்ல. ஆனா சரியான விடை அனுப்புறவங்க பட்டியல்ல வாரம் தவறாம அவுக பேரு இருக்கும். என் கண்ணி எதுவும் அவுகளப் புடிச்சதே இல்ல. பல ராத்திரி வெட்டுறப்ப, “இத மூக்காயி தாண்டுதான்னு பாப்போம்”னு அவுகளையே நெனச்சு வெட்டுவேன். தாண்டிருவாக. கோவமா வரும், சந்தோசமாவும் வரும். போட்டிக்கு அவுக பேரும் வந்திருந்துச்சு. மனச இறுக்கிக்கிட்டேன்.

ஆனந்தராஜ் கட்டத்த வாங்குனாரு, வெடைத்தாள மட்டும் பாத்தாரு, “பேஷ், பேஷ்”னாரு. போட்டுப் பாத்தாரான்னா பாக்கல. ஆறு வருசமா யாரும் அவரப் போட்டுப் பாக்கச் சொல்லல, வெடை கூடவே வந்துரும். அந்தப் பழக்கத்து மேலதான் நான் பந்தயம் கட்டியிருந்தேன்.

மண்டபத்துல கூட்டம் நெறஞ்சு வழிஞ்சுச்சு. மேடையில ஒரு பக்கம் புத்தகக் கட்டு, பட்டு நாடா கட்டி. இன்னொரு பக்கம் வாஷிங் மெஷின். நடுவுல அகராதி. திருப்பதி ஐயா பொன்னாடை போத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் டைப் அடிக்கிற பொண்ணுதானே, மேடைக்குக் கீழ ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்தேன்.

போட்டியாளர்கள்ல என் கண்ணுக்கு ரெண்டே பேருதான். ஒண்ணு மூக்காயி அக்கா, நெத்தி நெறைய திருநீறு, கண்ணாடிய மூக்கு நுனியில வச்சுக்கிட்டு. இன்னொண்ணு நிலவழகன், குன்றாண்டார்கோவில் பஸ்ஸுல கண்டக்டரு. ஆனந்தராஜ் மைக்கப் புடிச்சு, “இது நானே ராத்திரி பகலா ஒக்காந்து வடிவமைச்ச கட்டம்”னாரு. அல்ஹம்துலில்லாஹ், சொல்லிட்டான்! வாயக் குடுத்து மாட்டுனான்!

விசில் அடிச்சு ஆரம்பிச்சாங்க. மூக்காயி அக்கா பேனாவத் தொடவே இல்ல, கட்டத்தையே பாத்தாக. ‘டவா’ல வெரல வச்சாக, அப்புறம் ‘லாங்’ல வச்சாக. நொண்டித் துண்டுலருந்து ஆரம்பிக்கிறாக, எனக்கு மனசுக்குள்ள கை தட்டணும் போல இருந்துச்சு. மத்தவங்க தலையில கை வச்சுக்கிட்டு இருக்குறப்பவே அக்கா எழுந்து தாளக் குடுத்துட்டாக. கொஞ்ச நேரம் கழிச்சு நிலவழகன் குடுத்தாரு.

ஆனந்தராஜ், மூக்காயி அக்காவோட தாள வெடைத்தாளோட வச்சுப் பாத்தாரு. மூஞ்சி சுருங்குச்சு. “தவறான விடை. புறநகர், தலைவாசல்னு எழுதியிருக்காங்க. சரியான விடை தலைநகர், புறவாசல்!” அடுத்த தாள எடுத்தாரு. “நிலவழகன் வெற்றி!”

கூட்டம் கை தட்டுச்சு. மூக்காயி அக்கா ஒக்காரல.

“என்னங்க தப்பு?”ன்னாக. கொரல ஒசத்தல, அதுவே மண்டபத்துக்குக் கேட்டுச்சு. “எல்லாத் துண்டும் போட்டிருக்கேன். எதையும் ரெண்டு தடவ போடல. மிச்சமும் இல்ல. எது தப்புன்னு சொல்லுங்க.”

“வெடைத்தாள்ல இல்லைங்களே.”

“வெடைத்தாளு விதியில இல்லைங்களே. விதியில அகராதின்னுதானே இருக்கு?”

திருப்பதி ஐயா அகராதியத் தானே இழுத்துப் பொரட்டுனாரு. புறநகர் இருந்துச்சு. தலைவாசல் இருந்துச்சு. தலைநகரும் புறவாசலும் கூட இருந்துச்சு. அவரு கண்ணாடியக் கழட்டிட்டு, “ஆனந்தராஜ், ரெண்டுமே சரிதான் போலிருக்கு. இது எப்படி?”ன்னாரு.

“அது... அச்சுல ஏதோ தப்பு வந்திருக்கும்யா.”

“எந்த அறையில?”ன்னாக மூக்காயி அக்கா.

அந்த நிமிசம் இருக்கே! ஆறு வருசம் நான் முழுங்குனதெல்லாம் அந்தாளு தொண்டையில போய் நின்னுச்சு. கட்டத்தத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. வேர்வை நெத்தியிலருந்து எறங்கி மீசைக்கு வருது. எந்த அறையின்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு! நான் சேர்ல நல்லா சாஞ்சு ஒக்காந்துக்கிட்டேன். பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு, சத்தியமாச் சொல்றேன்.

“சரி, விடுங்க”ன்னாரு திருப்பதி ஐயா. “நீங்க வடிவமைச்சதுதானே? இதே அஞ்சு சொல்லு இருக்கட்டும். எப்படி வெட்டியிருந்தா ஒரே விடை வரும்? மாத்திக் குடுங்க, இன்னொரு தடவ நடத்திருவோம்.” நியாயமான பேச்சு. கட்டம் வெட்டுறவனுக்கு அது ரெண்டு நிமிச வேலை. மேடையில வெள்ளைப் பலகை இருந்துச்சு. ஆனந்தராஜ் கையில பேனாவக் குடுத்தாங்க.

மனுசன் பலகைக்கு முன்னாடி நிக்கிறாரு. தலை, நகர், புற, வாசல்னு நாலையும் எழுதுனாரு. எடத்த மட்டும் மாத்தி எழுதுனாரு. திரும்ப அழிச்சாரு. கூட்டத்துல ஒருத்தன், “சார், எடத்த மாத்துனா என்ன, துண்டு அதேதானே!”ன்னு கத்துனான். சிரிப்பு. பின்னாடி இருந்து இன்னொருத்தன், “யாரு சார் இதுவரைக்கும் வெட்டுனது? ஒங்க வீட்டு ஆடா?” இன்னும் பெரிய சிரிப்பு.

அந்தச் சிரிப்புலதான் அவரு ஒடைஞ்சாரு. மைக்கப் புடிச்சு என்னையக் கையக் காட்டுனாரு. “இத நான் வெட்டல! அந்தா ஒக்காந்திருக்கா பாருங்க, தஸ்லீமா, அவதான் வெட்டுனது! வேணும்னே தப்பா வெட்டிக் குடுத்திருக்கா!”

என் பேரு. மைக்குல. ஆறு வருசத்துல மொதத் தடவ.

எழுந்தேன். மேடையேறி பேனாவ அவரு கையிலருந்து வாங்குனேன். தலைவாசல்ல மூட்ட விட்டுட்டு ‘தலைவா’, ‘சல்’னு வெட்டுனேன். புறநகர்ல ‘புறந’, ‘கர்’னு வெட்டுனேன். “இப்ப ‘சல்’லுக்கு ‘தலைவா’வ விட்டா ஆளில்ல, ‘கர்’ருக்கு ‘புறந’வ விட்டா ஆளில்ல. ஒரே விடை”ன்னேன். அப்புறம் ஆனந்தராஜப் பாத்துத் திரும்பி, மைக்குலயே கேட்டேன்.

“ஆமா சார், இத நான்தான் வெட்டுனேன். இவுங்க எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க, அந்தப் புத்தகத்துல நீங்க வெட்டுனது எத்தன?”

புத்தகக் கட்டப் பாத்தாரு, செருப்பப் பாத்தாரு, என்னைய மட்டும் பாக்கல.

“ஒண்ணாச்சும் இருக்கா சார்? ஒண்ணு காட்டுங்க, நான் கீழ எறங்கிப் போயிடுறேன்.”

“இல்ல”ன்னாரு. மைக்குக்கு எட்டுற கொரல்ல இல்ல, ஆனா மொத வரிசைக்குக் கேட்டுச்சு. அது போதும், மொத வரிசைக்குக் கேட்டது புதுக்கோட்டையில சாயந்தரத்துக்குள்ள எல்லாத்துக்கும் கேட்டுரும். திருப்பதி ஐயா பொன்னாடைய எடுத்து சேர்ல வச்சுட்டு, “இந்த அட்டையோட நான் வெளியிட மாட்டேன்”னாரு. பட்டு நாடாவ யாரும் அவுக்கல, கட்டு அப்புடியே அட்டைப் பெட்டிக்குள்ள போச்சு. ஆனந்தராஜ் பக்கத்துக் கதவு வழியா எறங்கிப் போனாரு. போறப்ப அந்த முதுகப் பாத்தேன் பாருங்க, நோம்பு தொறந்து மொதத் தண்ணி குடிச்ச மாதிரி இருந்துச்சு.

கூட்டம் கலையிறப்ப மூக்காயி அக்கா எங்கிட்ட வந்தாக. கும்புட்டேன். “அக்கா, ஒங்கள நெனச்சுத்தாங்க்கா ஒவ்வொரு கட்டமும்...”

“மூட்டுல வெட்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியும்ல?”ன்னாக.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சேதான் வெட்டுனியா?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்த கண்ணு பொய்ய வெட்டிப் பாத்துரும்னு தெரிஞ்சுச்சு. “ஆமாக்கா. அந்தாளு எம் பேரத் திருடுனான். வேற வழி இல்லக்கா.”

“அவன் திருடன்தான்”னாக. “நல்லா செஞ்ச.” பைய எடுத்துத் தோள்ல மாட்டுனாக. நிலவழகன் ஓடி வந்து, “மெஷின நீங்க எடுத்துக்கங்கக்கா, நீங்கதான் மொதல்ல முடிச்சீங்க”ன்னாரு. வேணாம்னு தலைய ஆட்டிட்டு வாசல் பக்கம் நடந்தாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல, நல்லா செஞ்சன்னுதானே சொன்னாக?

பத்திரிகை மொதலாளி மறுநாளே ஆனந்தராஜக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. கட்டத்துக்கு அடியில ‘ஆக்கம்: தஸ்லீமா’ன்னு போடுறதா எங்கிட்டச் சொல்லி, எழுத்து அளவு கூட என்னையவே சொல்லச் சொன்னாரு. நான் அந்த வாரம் உசுரக் குடுத்து ஒரு கட்டம் வெட்டுனேன். ஒரு மூட்டுல கூடக் கத்தி படல. மச்சான் மூணு தடவ போட்டுப் பாத்தாரு, எப்புடிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்துச்சு. மூக்காயி அக்காவுக்குன்னே நடுவுல ஒரு கண்ணி வச்சேன், வாழ்க்கையிலேயே நல்ல கண்ணி.

ஞாயித்துக்கிழமை பேப்பர் வந்துச்சு. எம் பேர அந்தப் பக்கத்துல தடவிப் பாத்துக்கிட்டே இருந்தேன். மை கையில ஒட்டுச்சு. சாயந்தரம் வரைக்கும் பொறுக்க முடியல, வாசகர் பட்டியல்ல இருந்த நம்பருக்கு நானே போனப் போட்டேன்.

“அக்கா, தஸ்லீமா பேசுறேன். இந்த வாரக் கட்டம் போட்டீங்களாக்கா?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டுச்சு.

“எடுத்தேன்மா. பேனாவும் எடுத்தேன். அடியில ஒம் பேரு போட்டிருந்துச்சு. இது எந்த மூட்டுல வெட்டுனதோன்னு தோணுச்சு. மடிச்சு வச்சுட்டேன்.”